அம்மாவின்ர கூரை

சனிக்கிழமைக் காலைகளில் ஸ்காபறோவில், அஜின்கோர்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் தமிழ் வகுப்பு நடந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் அங்கே ரீச்சர் இல்லை. மூத்த வகுப்பைப் படிப்பித்தவர் ஊரில் கணக்கு மாஸ்டராக இருந்தவர். இலக்கணத்தைச் சூத்திரம் மாதிரி அழகாகச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் முப்பது பிள்ளைகளின் கட்டுரைகளை ஒவ்வொரு கிழமையும் திருத்துவது அவரால் முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் ஒன்பது வருடம் புரூவ் பார்த்தவள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் கட்டுரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அப்பாட்மென்ற் வாசலில் வந்து நின்றார்.

'பிள்ளை, பிழை பிடிக்கிற கண் உமக்கிருக்கு. எனக்கு அந்தக் கண் கணக்கில மட்டுந்தான்.'

நான் மறுக்கவில்லை. சொன்னால் பெருமை மாதிரி இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு அந்தக் கண் உண்மையாகவே இருந்தது. கிழமை நாட்களில் மார்க்கம் பக்கம் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் ஒரு பக்டரியில் லேபிள் சரிபார்க்கிற வேலை செய்தேன். ஆங்கில லேபிளிலேயே புள்ளி பிசகினால் கண்டுபிடித்துவிடுவேன். தமிழில் என்ன கஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலை முடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் கட்டைப் பிரிப்பேன். பச்சை மைப் பேனைதான் பாவித்தேன். சிவப்பு வேண்டாம் என்று பள்ளிக்கூடத்துக்காரர் சொல்லியிருந்தார்கள், பிள்ளைகளின் மனம் நோகுமாம். பச்சையில் எவ்வளவு எழுதினாலும் நோகாது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். நான் நிறைய எழுதினேன்.

அந்தப் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளைப் பார்த்தே அவர்கள் வீட்டில் என்ன கேட்டு வளர்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். 'என் நண்பனைப் பட்டி எழுதுகிறேன்' என்று ஒருவன் எழுதுவான். இன்னொருத்தி ஓட்டப் போட்டியில் 'வெட்டி' பெற்றிருப்பாள். 'பற்றி', 'வெற்றி' என்பவற்றை எங்கள் வாய் சொல்கிறபோது இங்கே வளர்ந்த காதுக்கு அது 'ட்ட' என்றுதான் விழுகிறது. ஒருத்தியின் அம்மாவின் கறியில் 'மனம்' வீசும். ஒருவன் கூண்டில் 'கிழி' வளர்ப்பான். ழகரமும் ளகரமும் எங்கள் பேச்சில் ஒன்றாகி எவ்வளவோ காலம். அதை எழுத்தில் பிரித்துக்காட்டு என்று ஒரு பிள்ளையைக் கேட்டால் அது என்ன செய்யும்? சொல் சொல்லாகப் பாடமாக்கத்தான் வேண்டும். ஆனால் ரகரத்தையும் றகரத்தையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் மாற்றுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் இரண்டு பேர் வகுப்பில் இருந்தார்கள், அவர்கள் மாற்றுவார்கள். எங்கள் பேச்சில் அந்த இரண்டு ஒலியும் இன்னும் வேறுவேறாகவே இருப்பதால் எங்கள் பிள்ளைகளைக் காது காப்பாற்றிவிடும். இதை நான் மாஸ்டருக்கு விளக்கி, அவர் 'அட' என்று தலையாட்டியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எழுத்துப் பிழையைவிட அதிக மை செலவானது பேச்சுத் தமிழுக்குத்தான். 'போட்டா', 'நிண்டன்', 'தெரியேல்லை', 'அண்டைக்கு'. பிள்ளைகள் கேட்ட தமிழை எழுதினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். நான் ஒவ்வொன்றையும் வெட்டி மேலே 'போய்விட்டார்', 'நின்றேன்', 'தெரியவில்லை', 'அன்று' என்று எழுதினேன். திருத்தி முடிந்த தாளைத் தூக்கிப் பார்த்தால் கீழே நீலத்தில் பிள்ளையின் வரி, மேலே பச்சையில் என் வரி. பச்சை வரியை மட்டும் வாசித்தால் ஒரு நல்ல கட்டுரை இருக்கும். அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

வருட முடிவில் ஒரு மலர் போடலாம் என்று மாஸ்டர் தீர்மானித்தார். மூத்த வகுப்பில் பன்னிரண்டு கட்டுரைகளைத் தெரிவுசெய்து, திருத்தி, நாற்பது பிரதி எடுத்து, பெற்றோர் கூடுகிற விழாவில் கொடுப்பது. தமிழ் எழுத்துள்ள கொம்பியூட்டர் எங்கள் யாரிடமும் இல்லை. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால், பன்னிரண்டையும் நானே வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

தலைப்பு 'என்னால் மறக்க முடியாத நாள்'. அதில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி எழுதியது மிகச் சிறியது, அரைப் பக்கந்தான் வரும். வகுப்பில் கடைசி வரிசையில் இருந்து ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் எழுதியதை எழுத்துக்கு எழுத்து இப்போதும் என்னால் சொல்ல முடியும்:

'அண்டைக்கு அம்மா வேலைக்குப் போட்டா. அம்மாவின்ர கூரை எனக்கு நல்ல விருப்பம். அது கலியாணத்துக்குக் குடுத்தது. சூடு கூடிட்டுது. கூரையில பெரிய ஓட்டை விளுந்திட்டுது. புகையா வந்தது. மணி அடிச்சது. அம்மா வந்து பாத்தா. அம்மா அழேல்லை. நான் தான் அழுதன். உது போனாப் போகட்டும் எண்டு சொன்னா. ஒரு துண்டு எடுத்து சூட்கேசில வச்சிருக்கிறா. எனக்கு அந்த நாள் மறக்கேலாது.'

வாசித்து முடித்துவிட்டுப் பேனையை வைத்துவிட்டேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கலியாணத்துக்குக் கொடுத்த கூரை என்றால் சீதன வீடு. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. சூடு கூடியது என்றால் துப்பாக்கிச் சூடு. கூரையில் ஓட்டை, புகை, மணி. ஓடுங்கள் என்று கோயில் மணியை யாரோ அடித்திருக்கிறார்கள். உடைந்த ஓட்டில் ஒரு துண்டைத் தாய் எடுத்து, கடல் கடந்து, இன்றைக்கும் சூட்கேசில் வைத்திருக்கிறார். ஊர் மண்ணைச் சிமிழில் வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஓட்டுத் துண்டு ஏன் இருக்கக்கூடாது?

சொல்லத் தெரியாமல் சொல்லியிருக்கிறாள், நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். 'அன்று அம்மா வேலைக்குச் சென்றிருந்தார். அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்ட எங்கள் வீட்டை நான் மிகவும் நேசித்தேன். திடீரெனத் துப்பாக்கிச் சூடும் ஷெல் வீச்சும் அதிகரித்தன. எங்கள் கூரையில் பெருந்துளை விழுந்தது. எங்கும் புகை சூழ்ந்தது. கோயில் மணி ஒலித்தது...' அரைப் பக்கம் ஒரு பக்கமானது. அவளுடைய தாளின் அடியில் 'உள்ளடக்கம் மிகச் சிறப்பு. தெளிவு போதாது. பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்' என்று எழுதினேன். பன்னிரண்டு கட்டுரைகளிலும் அதற்குத்தான் கூடிய புள்ளி போட்டேன்.

மாஸ்டர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'இதைக் கடைசியா வைப்பம். சனம் இதோட வீட்டுக்குப் போகட்டும்' என்றார். மலரைப் பிரதி எடுத்து, ஸ்டேப்பிள் அடித்து, பெட்டியில் வைத்தாயிற்று. விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் அவரவர் பக்கத்தின் பிரதியைக் கொடுத்து, வீட்டில் வாசித்துப் பழகிக்கொண்டு வரச் சொன்னோம்.

அடுத்த சனிக்கிழமை நான் மேல்மாடிப் படியில் ஏறும்போதே அந்தப் பிள்ளை தாயோடு நின்றாள். தாய்க்கு என் வயதுதான் இருக்கும். வேலைக்குப் போகிற சப்பாத்து, கையில் பஸ் மாறி ஏறுகிற ட்ரான்ஸ்பர் சீட்டு. என் கையெழுத்துள்ள தாளை நாலாய் மடித்து வைத்திருந்தார்.

'ரீச்சர், நீங்கள்தானே இதை எழுதினது?'

'ஓம். நான் ரீச்சர் இல்லை. திருத்துறது மட்டுந்தான்.'

'இவள் வந்து, அம்மா, இதை வாசிச்சுக் காட்டுங்கோ, எனக்குக் கனக்க விளங்கேல்லை எண்டாள். வாசிச்சன்.' அவர் குரலைத் தாழ்த்தினார். 'எங்கட வீடு எரியேல்லை, ரீச்சர். ஓட்டை விழவும் இல்லை. என்ர அம்மா அப்பா இப்பவும் அங்கதான் இருக்கினம்.'

நான் பிள்ளையைப் பார்த்தேன். பொய்யா எழுதினாய் என்று கேட்கிற பார்வையாகத்தான் அது இருந்திருக்கும். அவள் தரையைப் பார்த்தாள்.

'என்ர தம்பி போன வருசம் வந்தவன். எங்களோடதான் இருக்கிறான்,' என்றார் தாய். 'அவன்ர அகதிக் கேஸ் ஹியரிங் வாற மாசம். அந்த வீட்டில இருந்துதான் வெளிக்கிட்டனான் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறான். இப்ப மருமகள் புத்தகத்தில, அந்த வீடு எப்பவோ உடைஞ்சு போச்செண்டு எழுதினால் என்ன செய்யிறது?'

நாற்பது பிரதி எடுத்த பள்ளிக்கூட மலரை எந்த அதிகாரி பார்க்கப் போகிறார் என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. அதைச் சொல்லியும்விட்டேன்.

'அதிகாரி வாசிக்க மாட்டார். அவருக்கு வாசிச்சுச் சொல்லுறது எங்கட ஆக்கள்தானே,' என்றார் அவர். 'அவையில ஆரின்ர பிள்ளை இஞ்ச படிக்குதோ, ஆருக்குத் தெரியும்?'

கையிலிருந்த கட்டுரைக் கட்டிலிருந்து பிள்ளையின் மூலத் தாளை எடுத்து நீட்டினேன். 'அம்மா, உங்கட மகள் எழுதினது இது. இதில கூரை எண்டுதான் கிடக்கு. நான் இட்டுக்கட்டேல்லை.'

தாய் வாசித்தார். இரண்டாம் வரியில் நின்றார்.

'கூறை,' என்றார். 'என்ர கூறை. கலியாணக் கூறை.'

அந்தச் சொல்லில் றகரம் இருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் மட்டும் அப்படி அழுத்தி விழுகிற றகரம். எல்லாம் விளங்கிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை நான் நினைத்ததுபோல் இல்லை இது. உண்மையிலேயே விளங்கியது. மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்துக்குக் கொடுத்த கூறைச் சேலை. துப்பாக்கியும் இல்லை, ஷெல்லும் இல்லை.

'அயன் பண்ணினனியோ?' என்று பிள்ளையிடம் கேட்டேன்.

'ஓம் அன்ரி. ஸ்கூலில மல்ரிகல்ச்சரல் நைற். அம்மாட்டைக் கேக்காமல் எடுத்தனான். அயனைக் கூட்டி வச்சிட்டன்.'

'அப்ப மணி?'

'ஸ்மோக் அலாம். அலாமுக்குத் தமிழ் தெரியேல்லை. மணி எண்டு எழுதினனான்.'

ஒன்பது வருடம் புரூவ் பார்த்தவள். மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்தால் அச்சகத்தில் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். இங்கே ஒரு போரையே சேர்த்திருக்கிறேன், ஒருவரிடமும் கேட்காமல். எங்கள் பிள்ளைகள் றகரத்தில் பிழைவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு வேறென்ன மறக்க முடியாத நாள் இருக்கப்போகிறது என்ற நம்பிக்கையில். அவள் மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

'பிழை என்னில,' என்றேன் தாயிடம். 'மலர் இன்னும் ஒருவருக்கும் குடுபடேல்லை. இந்தப் பக்கத்தை மாத்திறன். ஆனால் இந்தமுறை நான் எழுதமாட்டன். மகள் எனக்குப் பக்கத்தில இருக்கவேணும்.'

அவருக்கு வேலைக்குப் பஸ் எடுக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. வெறுமையாயிருந்த ஒரு வகுப்பறையில் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் இருந்தோம். பச்சைப் பேனையைப் பைக்குள் வைத்துவிட்டுப் பென்சில் எடுத்தேன்.

முதலில் அந்தச் சொல். 'கூரை, கூறை. ரெண்டும் ஒண்டு மாதிரியோ கேக்குது?'

'ஓம். சேம்.'

'அம்மா சொல்லட்டும். கேளும்.'

தாய் இரண்டையும் சொன்னார். பிறகு இன்னொருமுறை. பிள்ளை அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தடவையோ என்னவோ, 'ரெண்டாவதுக்கு அம்மாவின்ர நாக்கு அடிக்குது' என்றாள். தானும் சொல்லிப் பார்த்தாள், வரவில்லை. 'வராட்டிப் பரவாயில்லை. எழுதேக்க அம்மாவின்ர நாக்கை நினைச்சுக்கொள்ளும்' என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிறகு வரி வரியாகப் போனோம். நான் ஒன்றையும் வெட்டவில்லை, ஓரத்தில் கேள்வி மட்டும் போட்டேன். 'சூடு கூடிட்டுது' என்ற இடத்தில் 'எதன் சூடு?' என்று எழுதினேன். 'அயன்' என்றாள். 'அதை எழுதும்.' 'மணி அடிச்சது', எந்த மணி? 'துண்டு', எதன் துண்டு? 'வந்து பாத்தா', எங்கே? அவள் கொஞ்சம் சலித்துப்போனாள்.

'வீட்டிலதானே, அன்ரி. வேற எங்க?'

'எந்த வீடு?'

'எங்கட வீடு. அப்பாட்மென்ற்.' பிறகு மெல்ல, 'நீங்கள் ஊர் எண்டு நினைச்சீங்களோ?' என்றாள்.

'ஓம். நான் உங்கட வீட்டுக்கு வந்ததில்லை. கதைக்கேக்க, விளங்காட்டி உம்மை நிப்பாட்டிக் கேக்கலாம். தாளை நிப்பாட்டிக் கேக்கேலாது. அதுதான் எழுதேக்க ஆர், எங்க, எது எண்டு சொல்லவேணும்.'

அவள் அதைத் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள். இலக்கணம் என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

வினைச்சொற்களை அவளையே மாற்றவிட்டேன். 'அழுதன்', 'அழுதேன்'. 'அழேல்லை', 'அழவில்லை'. ஒரு மாதிரிப் பிடிபட்டதும் வேகமாக ஓடினாள். 'அம்மா சொன்னா' என்ற இடத்தில் தடக்கினாள்.

'சொன்னாள் எண்டு எழுதலாமோ?'

'அம்மாவை அப்பிடிச் சொல்லுவீரோ?'

'இல்லை. அது றூட், மரியாதையில்லை.'

'எழுத்தில சொன்னார் எண்டு வரும்.'

'சொன்னார் எண்டால் அப்பா சொன்ன மாதிரிக் கிடக்கு.'

தாய் வாயைப் பொத்திச் சிரித்தார். பிள்ளை சொன்னது நியாயம். 'சொன்னா' என்பதில் எங்கள் வாய்க்கு மரியாதையும் இருக்கிறது, பெண் என்பதும் இருக்கிறது. எழுத்தில் அப்படி ஒன்று இல்லை. 'எழுத்துத் தமிழ் அந்த ஒரு இடத்தில எங்களைவிடக் கொஞ்சம் ஏழை' என்றேன். 'சொன்னார் எண்டே எழுதுவம். அம்மா எண்ட சொல் முன்னால இருக்கிறபடியால் ஒருவரும் அப்பா எண்டு நினைக்க மாட்டினம்.'

கடைசியாக அந்த வரி. 'உது போனாப் போகட்டும்.' என் பிரதியில் நான் அதை 'அது போனால் போகட்டும்' என்று மாற்றியிருந்தேன்.

'அம்மா இதைச் சொல்லேக்கை சேலை எங்க இருந்தது?' என்று கேட்டேன்.

'என்ர கையில. நான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.'

அதுதான் 'உது'. கேட்கிறவரின் பக்கத்தில் இருக்கிற பொருளுக்கு எங்களிடம் இன்னும் உயிரோடிருக்கிற சுட்டு. 'அது' என்று போட்டால் சேலை எங்கேயோ தூரத்தில். 'இது' என்று போட்டால் தாயின் கைக்குப் போய்விடும். எரிந்த கூறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை அந்த ஒரு எழுத்தில் இருந்தாள். நான் அதைப் பச்சை மையால் வெட்டியிருந்தேன்.

'இந்த வரியைத் தொடவேண்டாம். மேற்கோள் குறிக்குள்ள போடும். அம்மா வாயால சொன்னது அப்பிடியே இருக்கட்டும்.'

'அது ஸ்போக்கன் எல்லோ? பேச்சு வழக்கைத் தவிர்க்கவும் எண்டு எழுதினீங்கள்.'

'கதை சொல்லுறது நீர். அது எழுத்துத் தமிழில. கதைக்கிறது அம்மா. அவ எழுதேல்லை, கதைச்சவ.'

அவள் சுத்தமாக எழுத வேறு தாள் கேட்டாள். எடுத்துவர மாஸ்டரின் அறைக்குப் போனாள். அவள் போனதும் தாய் மேசையில் கிடந்த மூலத் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

'நான் அழேல்லை எண்டு எழுதியிருக்கிறாள்.'

'ஓம்.'

'அழுதனான். அடுத்த நாள், வேலைக்குப் போகேக்க, பஸ்ஸில.'

'அதையும் மாத்தச் சொல்லட்டோ?' என்று கேட்டேன்.

'வேண்டாம். அவள் கண்டதைத்தானே அவள் எழுதுவாள்.'

பிறகு எழும்பி, ட்ரான்ஸ்பரைப் பார்த்து, பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாஸ்டரைச் சம்மதிக்க வைப்பதுதான் இதைவிடச் சிரமமாக இருந்தது. போர்க் கதை போய்விட்டதில் அவருக்கு ஏமாற்றம், ஆனாலும் தம்பியின் ஹியரிங் என்றதும் மறுபேச்சில்லை. அவருக்குப் பிடிக்காதது மேற்கோள் குறிக்குள் இருந்த வரி.

'வீட்டில கதைக்கிறதை எழுதிறதுக்குச் சனிக்கிழமை வகுப்பு என்னத்துக்கு, பிள்ளை? பெற்றோர் என்னைத்தான் கேப்பினம். உதெல்லாம் எங்கட கொடுந்தமிழ் எண்டு சிரிப்பினம்.'

'மாஸ்டர், இப்ப நீங்கள் சொன்ன உதெல்லாம் எண்டதை எழுத்தில எப்பிடி எழுதுவியள்?'

அவர் யோசித்தார். கணக்கு மாஸ்டர்தானே, விடை வராத கணக்கு அவருக்குப் பிடிக்காது. 'சரி, ஒரு வரி இருக்கட்டும்' என்றார். 'ஒரு வரி மட்டும்.'

நாற்பது மலர்களின் ஸ்டேப்பிளையும் நானும் அவரும் கழற்றினோம். கடைசித் தாளை எடுத்துவிட்டு அவளுடைய கையெழுத்தில் இருந்த புதிய தாளை வைத்தோம். மற்றப் பதினொன்றும் என் கையெழுத்தில்தான் இருந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் சரிந்த, பெரிய எழுத்து. அடுக்கிக்கொண்டிருக்கும்போது மற்றப் பதினொன்றையும் திரும்ப வாசித்தேன். வாசிக்க நல்ல கட்டுரைகள்தான், ஆனால் பதினொன்றையும் எழுதியது ஒரே ஆள் மாதிரி இருந்தது. அவற்றில் வேறெங்கே போர் சேர்த்திருக்கிறேன், யாருடைய தாயை வேறு ஆளாக்கியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரமில்லை. மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, பதினொரு வீட்டுக்கும் ரெலிபோன் எடுத்துப் பிள்ளைகளிடம் கேட்டேன். 'நான் மாத்தினதில நீர் சொல்லாத விசயம் ஏதும் இருக்கோ?' பெரும்பாலானவர்கள் இல்லை என்றார்கள். ஒருவன் மட்டும், தன் கட்டுரையில் இருந்த தாத்தா உண்மையில் பக்கத்து வீட்டுச் சீனக்காரக் கிழவர் என்றான். அதையும் மாற்றினோம்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. யூனியன்வில்லிலிருந்தும் றிச்மண்ட் ஹில்லிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். அவள் கடைசியாக ஏறினாள். மைக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசித்தாள்: 'அன்று எங்கள் அப்பாட்மென்றில் நான் தனியாக இருந்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவின் கலியாணக் கூறையைப் பாடசாலை விழாவுக்கு உடுக்க ஆசைப்பட்டேன். கேட்காமல் எடுத்தேன்.' அயன் என்ற இடத்திலேயே பெண்கள் பக்கத்திலிருந்து 'ஐயோ' என்று மெல்லிய சத்தம் வந்தது. அவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. 'புகை எச்சரிக்கை மணி' என்ற இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தத் தமிழை அவளே அகராதி பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள்.

'நான் கூறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஓட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உது போனாப் போகட்டும்" என்றார். அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.'

யாரும் சிரிக்கவில்லை. என் அருகில் இருந்த மாஸ்டர் மீண்டும் கண்ணாடியைத் துடைத்தார். தாய் இரண்டாம் வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த இளைஞன்தான் தம்பியாக இருக்க வேண்டும். அவன் குனிந்து அவரிடம் ஏதோ கேட்டான், அவர் கையை அசைத்து, கேள் என்றார்.

அவள் 'கூறை' என்று ஆறு தடவை வாசித்திருப்பாள். ஒரு தடவையும் நாக்கு அடிக்கவில்லை. தாளில் எல்லாம் சரியாக இருந்தது.

தம்பியின் கேஸ் அடுத்த மாதம் நல்லபடி முடிந்ததென்று தாய் ரெலிபோன் எடுத்துச் சொன்னார். மலருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது.

அதற்குப் பிறகும் நான்கு வருடம் நான் அந்த வகுப்புக்குத் திருத்தினேன். எழுத்துப் பிழைக்குக் கீழே கோடு மட்டும், சரியான எழுத்தைப் பிள்ளையே தேட வேண்டும். விளங்காத இடத்தில் கேள்விக்குறி. எனக்கு நன்றாக விளங்கிவிட்டது என்று தோன்றிய இடத்திலும் ஒரு கேள்விக்குறி. வேலை மும்மடங்காயிற்று, திருத்திய தாள்கள் முன்னைப்போல் அழகாக இல்லை. பிள்ளைகள் இரண்டாவது தடவை எழுதுவதற்கு முறுமுறுத்தார்கள். ஆனால் எழுதினார்கள், என்னிடம் வந்து வாதாடவும் தொடங்கினார்கள். எனக்கு அது பிடித்தது.

அந்தப் பிள்ளையின் அடுத்த கட்டுரை ஆறு பக்கம். 'இது ஸ்காபறோவில், எங்கள் அப்பாட்மென்றில், ஏழாம் மாடியில், சமையலறையில் நடந்தது. இட்லி என்பது ஒரு உணவு' என்று தொடங்கியிருந்தாள். நான் ஓரத்தில், 'இட்லி எனக்குத் தெரியும். தெரிந்ததை விட்டுவிடலாம்' என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த கிழமை தாள் திரும்பி வந்தது. இட்லி வரி அப்படியே இருந்தது. என் குறிப்பின் கீழே பென்சிலால் எழுதியிருந்தாள்: 'உங்களுக்கு என்னென்ன தெரியும் எண்டு எனக்கெப்பிடித் தெரியும், அன்ரி?'

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. என்ன பதில் எழுதுவதென்று அந்த ஞாயிறு முழுவதும் யோசித்துவிட்டு, இட்லி வரியை அப்படியே இருக்கவிட்டு, இரண்டாம் பக்கத்துக்குப் போனேன்.